ஆளில்லாத திண்ணைக்கும் வணக்கம் சொல்கிறார் தாத்தா

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் தாத்தாவுக்கு 78 வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வருடமாகத் தெருவில் எதிரே வருகிற எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறார். குப்பை வண்டிக்காரர், சிலிண்டர் போடுகிற பையன், சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், யாரையும் விடுவதில்லை. 'வணக்கங்க, சாப்டாச்சா?' என்று நின்று கேட்கிறார். 'உங்க தாத்தா எலெக்‌ஷன்ல நிக்கப் போறாரா?' என்று பையன்கள் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். போன மாதம் கல்லூரி விடுதியிலிருந்து வந்தபோது தெருமுனையில் என்னைப் பார்த்தும் கைகூப்பி, 'வணக்கங்க, சாப்டாச்சா?' என்றார். 'தாத்தா, நான்தான்' என்றதும் சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் ஆளே இல்லாத எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்தும் வணக்கம் சொன்னார். கண்ணில் கோளாறு இருக்க வழியில்லை. நான்கு வருடம் முன்பே இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, தரையில் விழுந்த காசைக்கூட எடுத்துத் தருகிறார். அப்பா இதை மறதி நோய் என்கிறார். பாட்டி மந்திரிக்க வேண்டும் என்கிறார். மனநல மருத்துவரிடம் காட்டலாமா? அதுவரை அவரை வெளியே விடாமல் வைத்திருப்பது நல்லதா?

பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்றே மூன்று வேலைகள் சொல்லி உங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். மூன்றையும் செய்துவிட்டு நீங்கள் எழுதிய இரண்டாவது கடிதமும் இப்போது என் மேஜையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தப் பதில். நான் அவர் கண்ணைப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. அதனால் நோய் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே போக வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்பதைச் சந்தேகமில்லாமல் சொல்ல முடியும்.

முதல் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம், 'நான்தான் என்றதும் பையை வாங்கிக்கொண்டார்' என்பது. பேரனின் முகமே மறந்துபோகிற அளவுக்கு மறதி நோய் முற்றியிருந்தால், குரல் கேட்ட மாத்திரத்தில் பெரும்பாலும் இப்படிச் சரியாகிவிடாது. யார், எந்த ஊர், எப்போது வந்தாய் என்று குழப்பம் தொடரும். உங்கள் தாத்தாவுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. அவர் நினைவில் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள். உங்கள் முகம்தான் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

நீங்கள் செய்து பார்த்த மூன்று

முதலாவது, வேறு சட்டை போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பேசாமல் நடந்து வருவது. இரண்டு முறை செய்தீர்கள், இரண்டு முறையும் வணக்கம் வாங்கினீர்கள். மூன்றாவது முறை தூரத்திலேயே இருமியதும் 'என்னடா, சளியா?' என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்வது. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தபோது, 'நடுவுல கம்பியே இல்ல, அழுக்கு அப்பியிருக்கு, சுத்தி மட்டும் தெரியுது' என்றார். வலதை மூடி இடது கண்ணால் பார்த்தபோது, 'கம்பிய யாருடா வளைச்சது?' என்று கேட்டார். இந்த வாக்கியத்துக்காகத்தான் உங்களுக்குத் தனியாகப் போன் செய்தேன். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவதுதான் கடினமான வேலை. வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஏன் தாத்தா கண்டவங்களுக்கெல்லாம் வணக்கம் வைக்கிறே?' என்று கேட்காமல், 'தாத்தா, என் முகம் தெரியுதா?' என்று மட்டும் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவர் சொன்னதை நீங்கள் எழுதியபடியே தருகிறேன்.

'போன வருஷம் கடைத்தெருவுல சம்பந்தி எதிர்ல வந்திருக்காரு. எனக்கு வேட்டி தெரிஞ்சுது, ஆளு தெரியல. நேரா போயிட்டேன். பாத்தும் பாக்காத மாதிரி போறாருன்னு சொல்லி, காதுகுத்துக்கு அவங்க வீட்ல ஒருத்தரும் வரல. முப்பது வருஷம் மூஞ்சியப் பாத்தே ஸ்டாப்பிங் சொன்னவன் நானு. தெரியலன்னு சொன்னா யாரு நம்புவா? அதான், எல்லாருக்கும் சொல்லிட்டா யாரும் கோவிச்சுக்க முடியாதுல்ல. வணக்கம்னா தலைய ஆட்டிட்டுப் போயிடுவாங்க. சாப்டாச்சான்னா வாயைத் திறந்து பதில் சொல்லணும். குரல் வந்துடுச்சுன்னா ஆளு வந்துடும்.'

தம்பி, பார்வை குறைந்தவர்களை இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். இவ்வளவு கச்சிதமாக ஒரு வழியைத் தானே கண்டுபிடித்தவரை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். உங்கள் முதல் கடிதத்தின் கடைசிக் கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சொன்னால் வெளியே விடமாட்டார்கள் என்றுதான் அவர் பயந்திருக்கிறார். அந்தப் பயம் தப்பில்லை என்று தெரிகிறது.

காசு தெரிகிறது, முகம் தெரியவில்லை: இது எப்படி?

கண்ணின் உள்ளே பின்பக்கச் சுவரில் விழித்திரை இருக்கிறது. அதன் நடுவில் சில மில்லிமீட்டர் அகலத்தில் மாகுலா என்று ஓர் இடம். முகம் பார்ப்பது, எழுத்துப் படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. மீதி விழித்திரை சுற்றுப்புறத்தைப் பார்த்துக்கொள்ளும். வழியில் மாடு நிற்கிறது, படி இருக்கிறது, தரையில் ஏதோ பளபளக்கிறது என்பதெல்லாம் அதன் வேலை. வயதானவர்களுக்கு மாகுலா தேய்ந்துபோகிற நோய் ஒன்று உண்டு. அது வந்தவர் தடுமாறாமல் நடப்பார், காசைப் பொறுக்குவார், ஆனால் எதிரே நிற்கிற மகளைத் தெரியாது. 'வேண்டும்போது மட்டும் நன்றாகத் தெரிகிறது இவருக்கு' என்று வீட்டில் எரிச்சல்படுவார்கள். கண் மருத்துவமனைகளிலும் பலகையில் எழுத்தைப் படிக்கச் சொல்கிறோமே தவிர, முகம் தெரிகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. எங்கள் தொழிலின் குறை இது, ஒப்புக்கொள்கிறேன்.

நீங்களே இதை உணர்ந்து பார்க்கலாம். கையை முழுதாக நீட்டி, இரண்டு கட்டைவிரல்களையும் ஒட்டி நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பத்தடி தள்ளி நிற்பவரின் முகத்துக்கு நேராக விரல்களைக் கொண்டுபோங்கள். சேலையின் நிறம், நடை, கையிலிருக்கிற பை எல்லாம் தெரியும், முகம் மட்டும் போய்விடும். நடுப்பார்வையில் அவ்வளவு சின்னத் திட்டு விழுந்தாலே தெருவில் யாரையும் அடையாளம் தெரியாது. உங்கள் தாத்தாவுக்குச் சம்பந்தியின் வேட்டி மட்டும் தெரிந்தது இதனால்தான். பேசும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் காதையோ தோளையோ பார்ப்பதுபோலத் தோன்றினால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் இருக்கிற திட்டை ஒதுக்கிவிட்டு ஓரப் பார்வையில் உங்களைப் பிடிக்கப் பார்க்கிறார்.

புரை ஆபரேஷன் ஆகிவிட்டதால் கண் சரி என்று நினைத்தீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். புரை என்பது கண்ணின் முன்பக்க லென்ஸ் மங்குவது. அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாயிற்று, உள்ளே சுவரில் காரை உதிர்ந்தால் அது வேறு கணக்கு. கண்ணாடி பவரை எத்தனை முறை மாற்றினாலும் இது சரியாகாது.

இன்னொரு வாய்ப்பையும் சொல்லிவிடுகிறேன். முகங்களை அடையாளம் காண்பதற்கென்று மூளையின் பின்-கீழ்ப் பகுதியில் ஓர் இடம் உண்டு. பக்கவாதத்தில் அது பாதிக்கப்பட்டால், கண் நன்றாக இருந்தும் முகம் தெரியாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களில் பலர் பேப்பரைச் சரளமாகப் படிப்பார்கள், முகம் மட்டும்தான் தகராறு. உங்கள் தாத்தாவோ பேப்பரையும் விட்டுவிட்டு, 'எழுத்தைப் பொடியாப் போடுறான்' என்று சொல்லி உங்கள் அப்பாவைப் படிக்கச் சொல்கிறாராம். முகமும் எழுத்தும் சேர்ந்து போயிருக்கின்றன, அதோடு கம்பியும் வளைந்து தெரிகிறது. இதெல்லாம் கண்ணைத்தான் காட்டுகிறது.

அந்தத் திண்ணை

பாட்டி மந்திரிக்க நினைத்ததும் அப்பா மறதி நோய் என்று முடிவுகட்டியதும் இந்த ஒரு சம்பவத்தால்தான் என்று நினைக்கிறேன். அதையும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அவரும் மறைக்கவில்லை. 'சாயங்காலம் வெளிச்சம் கம்மியாறப்ப அங்க ஆளுங்க உக்காந்திருக்காங்க. சின்னச் சின்னதா, தலப்பா கட்டிக்கிட்டு. பேச மாட்டாங்க. நெசமில்லன்னு எனக்கே தெரியுது. ஆனா ஒருநாள் நெசமாவே யாராச்சும் உக்காந்திருந்தா? அதான் ஒரு வணக்கம் வெச்சுப் பாக்குறது. பதில் வந்தா ஆளு, வரலன்னா இல்ல.'

1760-ல் ஜெனீவாவில் சார்ல் போனே என்கிற இயற்கை ஆய்வாளர் தன் தாத்தாவைப் பற்றி எழுதி வைத்தார். தாத்தாவுக்கு வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது, பார்வை மிகவும் குறைந்திருந்தது. ஆட்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் அவர் முன்னால் தோன்றி மறைந்தன. புத்தி தெளிவாக இருந்தது, இவை நிஜமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று இந்த நிலைக்கு அந்தப் பேரன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், சார்ல் போனே கூட்டறிகுறி என்று. கண்ணிலிருந்து வரவேண்டிய படம் குறையும்போது மூளை தன் கையிருப்பிலிருந்து படம் போட்டு அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. இது வந்தவர்களில் பலர் வெளியே சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதற்கு உங்கள் வீட்டிலேயே பதில் இருக்கிறது.

அந்த உருவங்கள் தோன்றும்போது விளக்கைப் போடுங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் சில முறை வேகமாக ஓட்டச் சொல்லுங்கள். பலருக்கு உடனே கலைந்துவிடும்.

ஆனால் சில மாற்றங்கள் தெரிந்தால் நான் சொன்ன கணக்கு பொருந்தாது. அந்த உருவங்கள் பேச ஆரம்பித்தால், அவை நிஜம் என்று அவர் வாதாடினால், கை நடுக்கமும் நடையில் தளர்ச்சியும் சேர்ந்தால், நாளுக்கு நாள் தெளிவு ஏறி இறங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலோடு ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால், அது சிறுநீர்த் தொற்று போன்ற வேறு காரணமாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வளைந்த கம்பி

மாகுலா தேய்வது இரண்டு விதம். உலர் வகை வருடக்கணக்கில் மெல்ல நகரும். ஈர வகையில், விழித்திரைக்கு அடியில் புதிதாக மெல்லிய ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசியும். கசிவு விழித்திரையைத் தூக்குவதால்தான் நேரான கோடு வளைந்து தெரிகிறது. இது வாரக்கணக்கில் முற்றிவிடும், நிரந்தரத் தழும்பாகவும் ஆகிவிடும். வலது கண்ணில் நடுவே ஒன்றுமே தெரியாத திட்டு இருப்பதைப் பார்த்தால் அங்கே சேதம் பழையது என்று நினைக்கிறேன். இடது கண்ணில் வளைவு புதிது. மிச்சம் இருக்கிற நல்ல கண் அதுதான். பொங்கல் முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே போகச் சொன்னேன், வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறீர்கள். நல்லது.

சாதாரணக் கண் பரிசோதனை போதாது, விழித்திரை மருத்துவர் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள், பிறகு ஓசிடி என்று ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். சில நிமிட வேலை, வலி கிடையாது. கசிவு உறுதியானால் கண்ணுக்குள் ஊசி போடச் சொல்வார்கள். கேட்டதும் வீட்டில் அலறுவார்கள், தெரியும். மரத்துப்போகச் சொட்டு விட்டு, வெள்ளை விழி வழியாக மிக மெல்லிய ஊசியில் மருந்து செலுத்துவார்கள். வழக்கமாக மாதத்துக்கு ஒன்றாக முதல் மூன்று ஊசி, அப்புறம் ஸ்கேனைப் பார்த்து இடைவெளியை முடிவு செய்வார்கள். மூன்றோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். பலருக்கு வருடக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். மருந்துகளுக்கிடையே விலை வித்தியாசம் அதிகம். அதனால் விலை குறைந்த மருந்து உங்கள் தாத்தாவுக்குப் பொருந்துமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு வரும் நாட்களில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை குறைந்தால், இரவானாலும் உடனே திரும்பிப் போங்கள். கிருமி தொற்றுவது அபூர்வம்தான், ஆனால் தொற்றினால் கண்ணே போய்விடும்.

எதிர்பார்ப்பை இப்போதே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இடது கண்ணில் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் ஊசியின் வேலை. சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் தெரிய வரும். வலது கண்ணின் நடுத் திட்டு பழைய தழும்பாக இருந்தால் அது மறையாது. லூட்டீன், துத்தநாகம் சேர்ந்த மாத்திரைகள் உலர் வகையின் ஒரு கட்டத்தில் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும், கசிவை நிறுத்தாது. கடைக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள். அவர் பீடி பிடிக்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் நம் கையில் இருக்கிற பெரிய காரணம் அது ஒன்றுதான். நிறுத்தியாக வேண்டும்.

வீட்டிலும் தெருவிலும்

வெளியே விடாமல் வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. பழகிய தெருவில் பகலில் நடப்பதற்கு அவருடைய ஓரப் பார்வை போதும். டிவிஎஸ் வண்டிச் சாவியை மட்டும் இன்றே வாங்கி வையுங்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒரே மாதிரி அட்டையில் இருந்தால் ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றி வையுங்கள். வீட்டில் யார் அவர் பக்கம் போனாலும் முதலில் பெயரைச் சொல்லட்டும். 'நான் யாருன்னு சொல்லு பாப்போம்' என்று விளையாடுவதை உங்கள் தங்கையை நிறுத்தச் சொல்லுங்கள்.

தெருவில் எல்லோரிடமும் நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் கண், அவர் விஷயம். அவரைக் கேட்காமல் சொல்லாதீர்கள். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் போய் விஷயத்தைச் சொல்ல அவர் சம்மதித்தால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேசுவது அவராக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை போகும்போது புரை ஆபரேஷன் செய்த அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், சர்க்கரை அளவு பார்த்த தாள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், ஓரத்தில் தெரிவதும் மங்கும். அன்றைக்கு மட்டும் திரும்பி வரும்போது வாசல் வரை ஆட்டோவிலேயே வாருங்கள். தெருமுனையில் இறங்கி நடக்கிறேன் என்று கேட்பார். கேட்டால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், எதிரே வருகிறவர் யார் என்று அவர் கைகூப்பும் முன்பே காதோடு சொல்லிவிடுங்கள்.